தாழம்பூவை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை

திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, தம் உறவினர் வீட்டு விசேஷத்தில் பார்த்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலையை எங்களிடம்தான் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மற்ற நிறங்களைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். "தாழம்பூ என்று தேடுங்கள் அம்மா" என்றேன். "இங்கிலீசுல எப்படித் தாயி போடணும்?" என்றார். டி, எச், ஏ, இன்னொரு ஏ என்று தொடங்கினேன். "ரெண்டு ஏவா?" என்றார். ஆமாம் என்று சொல்லி, இசட், எச் என்று நான் போய்க்கொண்டிருக்கும்போதே, "இசட்டு எதுக்கு வருது?" என்று கேட்டார். கடைசியில் பூவுக்குப் பின்னால் அண்டர்ஸ்கோர் என்றதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அது எங்க இருக்கு? சரி, பேரன் வரட்டும், பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பிறகு அவர் அழைக்கவேயில்லை.

அப்போது எங்கள் பக்கத்தின் பயனர்பெயர் `thaazhampoo_sarees` என்பதாகும். மதுரையில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலைகளை வாங்கி, வீட்டிலிருந்தபடியே நானும் என் அண்ணியும் விற்கத் தொடங்கியபோது, பெயர் வைப்பதற்கு நாங்கள் செலவிட்ட நேரம் ஒரு மாலைப்பொழுதுதான். சேலையோடு பொருந்துகிற பெயராகவும், பழைய மணம் உள்ளதாகவும், சொல்ல அழகாகவும் இருக்கிறது என்று இருவரும் மகிழ்ந்தோம். தமிழில் எழுதிப் பார்த்தபோது அந்தப் பெயரில் ஒரு குறையும் தெரியவில்லை. குறையெல்லாம் அதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போதுதான் வந்தது. இன்ஸ்டாகிராமில் பயனர்பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க முடியாது. ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி, அண்டர்ஸ்கோர் ஆகியவை மட்டுமே ஏற்கப்படும், மொத்தம் 30 எழுத்துகளுக்கு மிகக்கூடாது. ஆகவே தமிழ்ப் பெயர் வைக்கும் எவரும் தம் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றியே தீர வேண்டும். அப்படி மாற்றுவதற்கு நம் மக்களிடையே பொதுவான விதி எதுவும் இல்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அழைப்புக்குப் பிறகு ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். எங்கள் பக்கத்தை அறியாத பன்னிரண்டு பேருக்கு, பெரும்பாலும் அண்ணியின் உறவினர்களுக்கும் எங்கள் தெருவினருக்கும், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி, "தாழம்பூ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டேன். எழுதிக் காட்டாமல் குரலில் கேட்டதற்குக் காரணம், வாடிக்கையாளர் பெரும்பாலும் பெயரைக் காதால்தான் கேட்கிறார் என்பதே. பதில்கள் ஏழு விதமாக வந்தன. நான்கு பேர் `thazhampoo` என்றும், மூவர் `thalampoo` என்றும் எழுதினார்கள். மற்ற ஐவரும் `thazhampu`, `thalambu`, `tazhampoo`, `thaalampoo`, `thazhamboo` என்று ஆளுக்கொன்றாக எழுதினார்கள். நாங்கள் வைத்திருந்த `thaazhampoo` என்ற எழுத்துக்கூட்டலை ஒருவர்கூட எழுதவில்லை.

காரணத்தை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த ஒரு சொல்லில் ஐந்து இடங்களில் எழுதுபவர் தம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முதல் எழுத்தான தகரத்துக்கு `th` போடுவோரும் உண்டு, `t` போடுவோரும் உண்டு. அடுத்து வரும் நெடிலுக்கு ஒரு `a` போதும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், சிலர் இரண்டு போடுகிறார்கள். ழகரத்துக்கு `zh` என்பது படித்தவர்களின் வழக்கம் என்றாலும், பேச்சில் லகரமாகச் சொல்லும் பலர் `l` என்றே எழுதுகிறார்கள். மகர மெய்க்குப் பின்னால் வரும் பகரம் சிலர் காதில் `p`, சிலர் காதில் `b`. கடைசி ஊகாரம் `oo` ஆகலாம், `u` ஆகலாம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து இடங்களுக்கும் சேர்த்து 32 எழுத்துக்கூட்டல்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டு, மற்ற முப்பத்தொன்றையும் பிறருக்கு விட்டுவைத்திருந்தோம்.

பிறருக்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. ஓரெழுத்து மாறினால் தேடல் சில வேளைகளில் பொறுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தைக் காட்டியது. இரண்டு மூன்று எழுத்துகள் மாறியபோது வேறு பக்கங்களையே காட்டியது. அந்த ஆடியில் எங்களிடம் ஏற்கெனவே வாங்கிய ஒருவர், தம் தங்கையிடம் எங்கள் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தத் தங்கை ழகரம் இல்லாமல் தேடி, அதே பெயரில் கவரிங் நகை விற்கும் வேறொரு பக்கத்துக்குப் போய், "அக்காவுக்குக் கொடுத்த அதே பச்சை வேண்டும்" என்று செய்தி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று எங்கள் மேல் கோபித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தார் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் எங்களுக்கு முன்பே இருந்தவர்கள், அவர்கள் எழுதிய விதமே பலர் எழுதும் விதம். பெயரைப் பதிவு செய்வதற்கு முன் பிழையான எழுத்துக்கூட்டல்களையும் தேடிப் பார்த்திருந்தால் அவர்கள் இருப்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்களோ சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் தேடி, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம்.

அண்டர்ஸ்கோரால் வந்த தொல்லை வேறு வகை. அதைத் தட்டச்சு செய்ய விசைப்பலகையின் குறியீட்டுப் பக்கத்துக்குப் போக வேண்டும். வயதானவர்கள் அங்கே போவதேயில்லை. சேலைப் பையில் ஒட்டும் சீட்டில் எங்கள் முகவரியை அடிக்கோட்டோடு அச்சடித்தபோது, அடிக்கோட்டுக்குள் அண்டர்ஸ்கோர் மறைந்துபோய், இரண்டு சொற்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதுபோல் தெரிந்தது. இதைவிட முக்கியமான சிக்கல், எல்லாத் தளங்களும் அதை ஏற்பதில்லை. ஃபேஸ்புக் பக்கத்தின் பயனர்பெயரில் எழுத்துகள், எண்கள், புள்ளி தவிர வேறெதுவும் கூடாது, குறைந்தது ஐந்து எழுத்துகள் வேண்டும். ஜிமெயில் முகவரியிலும் அண்டர்ஸ்கோர் செல்லாது, அங்கே குறைந்தது ஆறு எழுத்துகள் வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஏற்கப்படும் புள்ளியோ எக்ஸ் தளத்தில் ஏற்கப்படாது. அங்கே 15 எழுத்துகளுக்கு மேலும் போக முடியாது. ஃபேஸ்புக்கிலும் ஜிமெயிலிலும் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெயராகவே கருதப்படும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எங்கும் ஒரே பெயர் வேண்டும் என்பவருக்கு மிஞ்சுவது புள்ளியும் கோடும் இல்லாமல், ஆறுக்குக் குறையாமல் பதினைந்துக்கு மிகாமல் சேர்த்தெழுதிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே. இதை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு, புதுப் பெயரைத் தேடத் தொடங்கினோம்.

இம்முறை பெயரின் அழகைப் பின்னுக்குத் தள்ளி, ஆங்கிலத்தில் ஒரே விதமாக எழுதப்படும் தமிழ்ச் சொற்கள் எவை என்று தேடினோம். செண்பகம் என்று அண்ணி சொன்னார். `shenbagam`, `senbagam`, `chenbagam` என்று அங்கேயே மூன்று வழிகள் வந்துவிட்டன. தறி என்று நான் சொன்னேன். `thari`, `tari`, `dhari`. அப்போதுதான் அண்ணி கேட்டார், "வைகையை மட்டும் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்?" அதற்கு விடை ரயில் நிலையத்தில் இருந்தது. வைகை எக்ஸ்பிரஸின் பெயர்ப்பலகையை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் மதுரைக்காரர்கள். ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் ஏற்கெனவே பலமுறை கண்ணால் பார்த்திருந்தால், எழுதும்போது ஒலியைப் பிரித்துப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுகிறோம். பெயர்ப்பலகை, பேருந்து, பத்திரிகை, மளிகைப் பாக்கெட் இவற்றில் பழகிய சொல்லாக இருந்தால் எழுத்துக்கூட்டல் நிலைபெற்றிருக்கும்.

பழகிய எழுத்துக்கூட்டலின் பலம் எத்தகையது என்பதற்கு 2020 ஜூன் மாதத்தில் நடந்ததை அண்ணி நினைவுபடுத்தினார். தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டபோது, கோயம்புத்தூர் `Koyampuththoor` என்றும், வேலூர் `Veeloor` என்றும் ஆயின. ஒலிப்பை நோக்கினால் கோவைக்கு அதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அப்படி எழுதிப் பழகியவர் எவருமில்லை என்பதால் எழுந்த கேலியிலும் எதிர்ப்பிலும், சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் `thaazhampoo` என்று இரண்டு ஏ போட்டதும் அதே வகைத் தவறுதான். ஒலிக்கு உண்மையாக இருக்க முயன்று, எழுதுகிறவரின் கையை மறந்துவிட்டோம்.

வைகை என்ற பெயரில் ஏற்கெனவே ஏராளமான கடைகள் இருந்ததால் அதை விட்டுவிட்டோம். அடுத்து முல்லை என்று முடிவாகும் நிலைக்கு வந்துவிட்டது. ஒலியும் எழுத்தும் பிசகாது என்று நம்பினேன். அண்ணிதான் முகத்தைச் சுளித்து, "ஒரு எல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்" என்றார். எழுதிப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன். பெண்கள் வாங்கும் சேலைப் பக்கத்துக்கு அந்தப் பிழை நேரக்கூடாது. அன்றிலிருந்து யார் பெயர் கேட்டு வந்தாலும், ஓர் எழுத்தைக் கூட்டியும் ஓர் எழுத்தை விட்டும் எழுதி, வருவது என்ன சொல் என்று பார்க்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்த்தெழுதும்போது இரண்டு சொற்களின் ஓரங்கள் கூடி விபரீதமான மூன்றாவது சொல் தோன்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இறுதியில் மல்லிக்கு வந்தோம். மதுரை மல்லி என்பது ஊரறிந்த பெயர், 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. `malli` என்பதை வேறு விதமாக எழுத எவருக்கும் எளிதில் தோன்றாது. ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கெடுதலில்லை. கொத்தமல்லிக்கும் அதே பெயர்தானே என்று என் அண்ணன் சிரித்தார். சேலைப் படத்தைப் பார்த்த பிறகு யாரும் மல்லித்தூள் கேட்கப் போவதில்லை என்று விட்டுவிட்டோம். வெறும் `malli` கிடைக்கவே கிடைக்காது என்பதால் இரண்டாவது சொல் தேவைப்பட்டது. `sarees` என்று சேர்த்தால், `saree` என்றும் `sari` என்றும் எழுதுவோர் தவறவிடுவார்கள் என்று நான் தயங்கினேன். ஊர்ப்பெயரைச் சேர்க்கலாமா, சுங்குடியைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாதம் நடந்தது. நாளைக்கு வேறு சேலை விற்றால் பெயர் தடையாகிவிடாதா என்பது அண்ணியின் கேள்வி. எனக்கோ, சுங்குடி தேடுபவர்தான் நம்மைத் தேடுபவர், வேறு சேலை விற்கும் நாள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இந்த விஷயத்தில் அவர் சொன்னதே சரியாக இருக்கவும் கூடும். எங்கள் கைமுதலுக்கு இன்றுவரை சுங்குடி மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

சுங்குடியிலும் எழுத்துச் சிக்கல் இல்லாமலில்லை. `mallisungudi` என்ற பெயரை, முதல் சோதனையில் இல்லாத வேறு பன்னிரண்டு பேரிடம் குரலில் சொல்லி எழுதச் சொன்னபோது, மல்லியைப் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள். சுங்குடியை ஒன்பது பேர் `sungudi` என்றும், இருவர் `sungidi` என்றும், ஒருவர் `chungudi` என்றும் எழுதினார்கள். பன்னிரண்டில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஒன்பதுக்கு வந்தது போதும் என்று தீர்மானித்தோம். பன்னிரண்டு எழுத்துகள்தாம் என்பதால் எல்லாத் தளங்களின் அளவுக்குள்ளும் அடங்கியது. சீட்டில் அச்சடிக்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவைப்பட்டது. மெல்லிய எழுத்துருவில் சிறிய எழுத்தில் `lli` என்பது மூன்று குச்சிகளை நட்டுவைத்ததுபோல் தெரிந்தது. பயனர்பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தேடலைப் பாதிக்காது என்பதால், அச்சில் மட்டும் `MalliSungudi` என்று இரண்டு சொற்களின் தொடக்கத்தையும் பெரிதாக்கி, சற்றுத் தடித்த எழுத்துருவில் போட்டோம்.

பதிவு செய்யும் முன் பிழையான வடிவங்களையும் சேர்த்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் மூன்றிலும் தேடினோம். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடும் வசதி இருக்கிறது. அங்கே சொல்லை அப்படியே தேடுவதோடு நிற்காமல், ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் தெரிவையும் பயன்படுத்த வேண்டும். எழுத்து மாறி ஒலி ஒன்றாக இருக்கும் பெயர்களை அது காட்டும். துணிகளுக்கு 24ஆம் வகுப்பு, ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு என்பதால் இரண்டிலும் பார்த்தோம். மல்லியும் சுங்குடியும் பொதுச் சொற்கள் ஆதலால், இவற்றின் மீது தனியுரிமை கேட்டு யாரையும் தடுக்க எங்களாலும் எளிதில் முடியாது என்பதைத் தெரிந்தேதான் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டோம். எளிதில் தேடிப் பிடிக்கக்கூடிய பெயருக்கும் சட்டத்தில் வலுவாகக் காக்கக்கூடிய பெயருக்கும் இடையே இந்த இழுபறி எப்போதும் இருக்கும். எங்களைப் போன்ற வீட்டு வியாபாரத்துக்கு முதலாவதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

பயனர்பெயருக்குக் கீழே தனியாக வைக்கும் காட்சிப்பெயரை முன்பு நாங்கள் வீணாக்கியிருந்தோம். அங்கேயும் `Thaazhampoo` என்றே, அதுவும் வளைவு நெளிவான அலங்கார எழுத்துகளில் போட்டிருந்தோம். அந்த அலங்கார எழுத்துகள் பார்வைக்கு ஆங்கிலம்போல் தெரிந்தாலும், கணினிக்கு அவை வேறு குறியீடுகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அவற்றில் தடுமாறுகின்றன. காட்சிப்பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் ஏற்கப்படுகின்றன, தேடலும் அதைப் பார்க்கிறது. மைக் குறியைத் தொட்டுப் பேசித் தேடுகிற அம்மாக்களுக்குத் திரையில் விழுவது தமிழ்ச் சொல்தான். ஆகவே பயனர்பெயரால் செய்ய முடியாததை இங்கே செய்தோம்:

```
மல்லி சுங்குடி | Madurai Sungudi Sarees
```

பட்டியலில் பெயரின் பின்பகுதி வெட்டுப்படும் என்பதால் எங்கள் பெயரை முன்னாலும், பொருளின் பெயரையும் ஊரையும் பின்னாலும் வைத்தோம். பயனர்பெயரில் விட்டுவிட்ட மதுரையும் சேலையும் இங்கே இடம்பெற்றுவிட்டன. நாளைக்குச் சரக்கு மாறினாலும் இந்த வரியை மாற்றுவது எளிது. 14 நாள்களுக்குள் இரண்டு முறைக்கு மேல் மாற்ற விடுவதில்லை என்பது ஒன்றே கட்டுப்பாடு. நான் அவசரத்தில் ஓர் எழுத்துப்பிழையோடு போட்டு, அதைத் திருத்தியதிலேயே அந்த இரண்டும் தீர்ந்துபோயின.

பழைய பெயரிலிருந்து மாறும் வேலை எதிர்பார்த்ததைவிட அலைச்சலாக இருந்தது. பயனர்பெயரை மாற்றினால் பின்தொடர்பவர்களும் பதிவுகளும் அப்படியே இருக்கும். பக்கத்தின் முகவரி மட்டும் மாறிவிடும். பழைய முகவரியை அச்சடித்த சீட்டுகள் ஐந்நூறில் முந்நூற்றுச் சொச்சம் மிச்சமிருந்தன. வாடிக்கையாளர்கள் தம் பதிவுகளில் எழுதியிருந்த எங்கள் பழைய பெயர் எங்கேயும் கொண்டுபோகாத வெறும் எழுத்தாகிவிட்டது. விட்டுவிட்ட பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் 14 நாள்தான் தருகிறது, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த இடைவெளிக்குள் முதலில் வாட்ஸ்அப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் புதுப் பெயரை அனுப்பிவிட்டு, மாற்றிய அன்றே இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பழைய பெயரை அதற்கு வைக்க முயன்றோம்; சில நாள் கழித்தே ஏற்றுக்கொண்டது. அதில் இப்போது ஒரே ஒரு பதிவு இருக்கிறது, புதுப் பக்கத்துக்கு வழி சொல்வதற்காக. கூகுள் வணிகப் பதிவு, வாட்ஸ்அப் வணிகக் கணக்கு, கூரியர் உறை ஆகியவற்றில் பெயர் மாற்ற ஒரு வாரமாயிற்று.

கடைசிவரை கண்ணில் படாமல் இருந்தது பணம் செலுத்தும் இடம். பக்கத்தில் மல்லி சுங்குடி என்று பார்த்தவர், க்யூஆர் குறியை ஸ்கேன் செய்ததும் திரையில் என் அண்ணனின் பெயர் வருவதைக் கண்டு, ஏமாற்று வேலையோ என்று அழைத்துக் கேட்டார். சேமிப்புக் கணக்கோடு இணைத்த குறியில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர்தான் தெரியும். கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கும்வரை, பணம் அனுப்பும்போது இன்ன பெயர் தெரியும் என்று ஒவ்வொரு விலைச் செய்தியின் கீழும் எழுதி வந்தோம்.

`sungidi` என்று எழுதிய அந்த இருவரை மனத்தில் வைத்து, `mallisungidi` என்ற பெயரிலும் ஒரு கணக்கைத் தொடங்கி, சரியான பக்கத்தின் பெயரை அதன் அறிமுக வரியில் எழுதிவைத்தேன். `chungudi`க்கும் ஒன்று தொடங்கலாமா என்று யோசித்து, கணக்குகளின் கடவுச்சொற்களை நினைவு வைப்பதே ஒரு வேலையாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லைப் பதிவுகளின் விளக்கத்தில் அவ்வப்போது சேர்த்து எழுதுவதோடு சரி. சுங்கிடிக் கணக்குக்கு மாதத்தில் மூன்று நான்கு செய்திகளாவது வருகின்றன. போன வாரம் வந்த ஒன்றில், அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி வைத்தது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இருந்தது, அனுப்பிவிட்டோம்.